சீப்பைக் கொதிக்க வைத்தால் பொடுகு போகாது

வீட்டில் ஒருவருக்குப் பொடுகு என்றால் முதலில் தனியாகப் போவது சீப்பு. பிறகு துண்டு, தலையணை உறை. பெண்கள் விடுதியில் பொடுகு உள்ளவளின் கிளிப்பைக்கூட அறைத்தோழிகள் தொட மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "அது ஃபங்கஸ், ஒட்டிக்கும்." சலூனில் அப்படித்தான் சொல்கிறார்கள், மருந்துக்கடையிலும் அப்படித்தான். கூட்டம் நெரியும் வெளிநோயாளிப் பிரிவில் மருத்துவரும் "ஃபங்கல் இன்ஃபெக்‌ஷன்" என்று இரண்டு சொல்லில் முடித்து ஷாம்பு எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இந்தக் கருத்து தவறு. இதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இது இத்தனை காலம் நீடிக்கிறது. பொடுகில் பூஞ்சைக்குப் பங்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மறுப்பது அடுத்த படியைத்தான். பொடுகு உள்ளவர் வெளியிலிருந்து எதையோ வாங்கிக்கொண்டார், பொடுகு இல்லாதவர் அதிலிருந்து தப்பித்துவிட்டார் என்ற எண்ணம் இருக்கிறதே, அதை. அந்தப் பூஞ்சை இருவர் தலையிலும் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்கள் தலையிலும் இருக்கிறது.

அதன் பெயர் மலசீசியா. லூயி-ஷார்ல் மலசே என்ற பிரெஞ்சு அறிஞர் 1874இல் தலைச் செதிலில் இதைப் பார்த்து விவரித்தார். அவர் பெயரே பிற்பாடு இதற்கு நிலைத்தது. இது நூல்நூலாகப் படரும் பூஞ்சை அல்ல, ஒற்றைச் செல்லாக வாழும் ஈஸ்ட் வகை. மனிதத் தலையில் முக்கியமாக இருப்பவை மலசீசியா ரெஸ்ட்ரிக்டா, மலசீசியா குளோபோசா என்ற இரண்டு இனங்கள். குழந்தை பிறந்து சில நாட்களிலேயே பெற்றவளின் தோலிலிருந்து இது குழந்தையின் தோலுக்கு வந்து குடியேறத் தொடங்குகிறது. அன்று தொடங்கும் உறவு சாகும்வரை விடுவதில்லை.

ஆய்வகத்தில் இதை வளர்ப்பவர்களுக்கு இதன் குணம் நன்றாகத் தெரியும். பூஞ்சைகளை வளர்க்கும் வழக்கமான சபூரோ அகார் தட்டில் தலைச் செதிலைத் தேய்த்து வைத்தால், எத்தனை நாள் காத்திருந்தாலும் தலையில் வாழும் மலசீசியா எழும்பாது. அதே தட்டின் மேல் கொஞ்சம் ஆலிவ் எண்ணெயை ஊற்றிப் பரப்பி, உடல் வெப்பத்துக்குச் சற்றுக் குறைவான சூட்டில் வைத்துவிட்டால் போதும். சில நாட்களில் வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறு சிறு குடியிருப்புகள் தெரியும். அதில் ஒரு துளியைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் குப்பி வடிவச் செல்கள் ஒரே பக்கமாக மொட்டு விட்டுக்கொண்டிருக்கும். பொடுகே இல்லாத ஒருவரின் தலையைச் சுரண்டி எடுத்து அதே தட்டில் வைத்தாலும் அதே காட்சிதான். அந்தக் குப்பிகளை மட்டும் காட்டி "இது பொடுகுக்காரர் தலையா, மற்றவர் தலையா" என்று கேட்டால், தேர்ந்த தோல் மருத்துவராலும் சொல்ல முடியாது.

எண்ணெய் இல்லாமல் ஏன் வளரவில்லை? 2007இல் மலசீசியா குளோபோசாவின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தபோது விடை கிடைத்தது. கொழுப்பு அமிலங்களைத் தானே செய்துகொள்ளத் தேவையான மரபணு இதனிடம் இல்லை. அதற்குப் பதிலாக, கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதிகளை வெளியே சுரக்கும் மரபணுக்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆக, தோலின் எண்ணெய்ச் சுரப்பி கொடுப்பதை வைத்தே இது வாழ்ந்தாக வேண்டும். சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் தலை, மூக்கோரம், புருவம், காதின் பின்புறம், நெஞ்சுக்குழி ஆகிய இடங்களில் இது அடர்ந்து வாழ்வது அதனால்தான். பொடுகும் அதன் முற்றிய வடிவமான செபோரிக் அழற்சியும் வருவது இதே இடங்களில்தான்.

இப்போது தொற்றுக் கட்சியிடம் ஒரு கேள்வி. பொடுகு ஒட்டிக்கொள்ளும் என்றால் யாருக்கு அதிகமாக வர வேண்டும்? தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குத்தான். தலையோடு தலை முட்டி உட்காருகிறவர்கள் அவர்கள். ஒரே சீப்பு, ஒரே ரிப்பன், ஒரே பாய் என்று புழங்குகிறவர்கள். பேன் அந்த வயதில்தான் வகுப்பு வகுப்பாகப் பரவுகிறது. பொடுகோ அந்த வயதில் அபூர்வம். பச்சிளங்குழந்தைக்குத் தலையில் மஞ்சள் பொருக்கு கட்டுவது உண்டு. தாயின் ஹார்மோன்கள் அதன் உடலில் மிச்சமிருந்து எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும் காலம் அது. சில மாதங்களில் அது தானாக அடங்கிவிடும். பிறகு பூப்பெய்தும் வயதுவரை தலை சுத்தமாக இருக்கும். சுரப்பி விழித்துக்கொள்ளும் அந்த வயதில் பொடுகு தொடங்கி, இளமையில் உச்சத்துக்குப் போய், ஐம்பது வயதுக்கு மேல் மெல்லக் குறைகிறது. சீப்பாலும் துண்டாலும் தாவும் நோய் இப்படிச் சுரப்பி விழிக்கும் வயதுக்காகக் காத்திருப்பதில்லை.

எதிர்க்கட்சியிடமும் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. பூஞ்சைக் கொல்லி போட்டால் பொடுகு குறைகிறது. கீட்டோகோனசோல், ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு ஆகிய மூன்றும் வேதியியலில் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. மலசீசியாவைக் குறைப்பதில் மட்டும் மூன்றும் ஒன்றுபடுகின்றன. மூன்றுமே பொடுகைக் கட்டுப்படுத்துகின்றன. அப்படியானால் பூஞ்சைதானே காரணம் என்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் அமெரிக்காவின் புகழ்பெற்ற தோல் மருத்துவ ஆய்வாளர் ஆல்பர்ட் கிளிக்மனும் அவரது கூட்டாளிகளும் நேர் எதிராக வாதிட்டார்கள். தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதுதான் பொடுகு. செதில் நிறைய இருப்பதால் ஈஸ்ட் அங்கே கூடுகிறது, அதற்கும் காரணத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். 1984இல் பிரிட்டனைச் சேர்ந்த சாம் ஷுஸ்டர் அதை உடைத்தார். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக் கொல்லியால் பொடுகு அடங்குகிறது என்றால் ஈஸ்ட்டை வெறும் பார்வையாளர் என்று ஒதுக்க முடியாது என்பது அவர் வாதம். ஷுஸ்டர் சொன்னது சரி. கிளிக்மன் ஈஸ்ட்டைக் கணக்கிலிருந்தே தள்ளியது தவறு. ஆனால் ஷுஸ்டர் நிறுவியது "ஈஸ்ட் தேவை" என்பதை மட்டும்தான். "ஈஸ்ட் இருந்தால் போதும்" என்பதை அவர் நிறுவவில்லை. யாராலும் நிறுவ முடியாது, ஏனென்றால் ஈஸ்ட்டை வைத்துக்கொண்டே பொடுகு இல்லாமல் வாழ்கிறவர்கள்தான் உலகில் பாதிக்கு மேல்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பொதுக்கருத்து விழுங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் நூறு பேர் இறால் தொக்கு சாப்பிடுகிறார்கள், மூன்று பேருக்கு மட்டும் உடம்பெல்லாம் தடித்துப்போகிறது என்று வையுங்கள். இறாலை நிறுத்தினால் அந்த மூன்று பேருக்கும் குணமாகும். அதற்காக இறால் விஷம் என்றோ, மற்ற தொண்ணூற்றேழு பேர் இறாலே சாப்பிடவில்லை என்றோ யாரும் சொல்ல மாட்டோம்.

"பொடுகு உள்ளவர் தலையில் ஈஸ்ட் அதிகம், அதுதான் வித்தியாசம்" என்று சிலர் அடுத்த கோட்டுக்குப் பின்வாங்குவார்கள். சராசரி எடுத்தால் சில ஆய்வுகளில் அதிகம்தான். வேறு சில ஆய்வுகளில் வேறுபாடே தெரியவில்லை. தனித்தனி ஆளாகப் பார்த்தால் இரு கூட்டத்தின் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. எண்ணிக்கையை வைத்து நோயைச் சொல்ல முடியாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? இதைப் பிரித்துக் காட்டிய சோதனை 2005இல் வெளிவந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில், ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் தாமஸ் டாசன் உள்ளிட்ட குழு செய்தது. பொடுகு ஷாம்பு விற்கும் நிறுவனத்தின் விஞ்ஞானிகளே "ஈஸ்ட் மட்டும் காரணமல்ல" என்று எழுதினார்கள் என்பதைத் தொற்றுக் கட்சியினர் கவனிக்க வேண்டும்.

அவர்களின் தருக்கம் இப்படிப் போகிறது. நம் தோல் எண்ணெயின் பெரும்பங்கு டிரைகிளிசரைடு. மலசீசியாவின் லிப்பேஸ் அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. ஈஸ்ட்டுக்குப் பிடித்தவை நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள், அவற்றை எடுத்துக்கொள்கிறது. நிறைவுறாதவற்றைத் தோலின் மேலேயே விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்தில் முக்கியமானது ஒலீயிக் அமிலம். அதன் மூலக்கூறு நடுவில் வளைந்திருப்பதால், தோலின் மேலடுக்கில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் கொழுப்புக்குள் நுழையும்போது அந்த வரிசையைக் குலைக்கிறது. சரி, அந்த மிச்சம்தான் குற்றவாளி என்றால் ஈஸ்ட்டை ஒதுக்கிவிட்டு நேரடியாக அதையே தலையில் தடவிப் பார்க்கலாம் அல்லவா? அதைத்தான் செய்தார்கள். பொடுகு வரும் இயல்புள்ளவர்கள் தலையிலும், பொடுகே வராதவர்கள் தலையிலும் ஒலீயிக் அமிலத்தைத் தடவினார்கள். முதல் கூட்டத்தாருக்குப் பொடுகு போலவே செதில் உதிர்ந்தது. இரண்டாம் கூட்டத்தாருக்கு உதிரவில்லை.

இந்த முடிவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். தடவியது ஒரே பொருள். அதில் உயிர் கிடையாது. தொற்றவோ பெருகவோ அதனால் முடியாது. ஆனாலும் இரு கூட்டத்தாரின் தோல் இரு விதமாக நடந்துகொண்டது. பொடுகு வருமா வராதா என்பதை முடிவு செய்யும் இடம் ஈஸ்ட்டில் இல்லை, அதன் கழிவுக்குத் தோல் காட்டும் எதிர்வினையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

தோலுக்குள் நடப்பது இது. சாதாரணமாக அடியில் பிறக்கும் தோல் செல் மெதுவாக மேலேறி, உட்கருவை இழந்து, தட்டையாகக் காய்ந்து, ஒவ்வொன்றாக உதிர்கிறது. எல்லோர் தலையும் நாள்தோறும் இப்படி உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால் நமக்குத் தெரிவதில்லை. எரிச்சலுற்ற தோல் செல்களை அவசரமாக மேலே தள்ளுகிறது. உட்கரு மறைவதற்குள் அவை வெளியே வந்துவிடுகின்றன. ஒன்றோடொன்று ஒட்டியபடி கொத்துக்கொத்தாகக் கழன்று விழுகின்றன. சட்டைத் தோளில் நாம் பார்ப்பது அந்தக் கொத்து.

எதிர்வினை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? பொடுகு உள்ளவர்களின் தலைத்தோலில் செராமைடு என்ற காப்புக் கொழுப்பு குறைவாக இருப்பதும், ஈரம் அதிகமாகக் கசிவதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கின்றன. பொடுகு ஓயும்போது அவையும் சரியாகின்றன என்பதால் எது முன், எது பின் என்பதைப் பிரிப்பது எளிதல்ல. பரம்பரைக்குப் பங்கு உண்டு. செபோரிக் அழற்சியை ஒத்த நோய் வம்சாவளியாக வந்த ஓர் இஸ்ரேலியக் குடும்பத்தை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். பழுது கண்டுபிடிக்கப்பட்டது தோல் செல் முதிர்வதைக் கட்டுப்படுத்தும் ZNF750 மரபணுவில். ஈஸ்ட்டில் எந்த விசேஷமும் இல்லை, பழுது தோலில். எல்லோருக்கும் இந்த ஒரு மரபணுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தோல் பழுதானால் இந்த நோய் வரும் என்பதற்கு அது தெளிவான எடுத்துக்காட்டு. பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் செபோரிக் அழற்சி அதிகம் வருவதும் இந்தப் பக்கமே கைகாட்டுகிறது. அவர்கள் எவரிடமிருந்தும் புதிய ஈஸ்ட்டை வாங்கவில்லை. மாறியது அவர்கள் உடல்.

மலசீசியா நிஜமாகவே தொற்றாக மாறினால் எப்படி இருக்கும் என்பதும் மருத்துவத்துக்குத் தெரியும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருக்கும் சிசுவுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கொழுப்புக் கரைசல் செலுத்தும்போது, குழாய் வழியே இந்த ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாக முடிந்ததுண்டு. தொற்று என்றால் அது. பொடுகில் ஈஸ்ட் தோலின் செத்த மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவதில்லை.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை, எப்படியானாலும் ஷாம்புதானே போடப்போகிறோம் என்று கேட்கலாம். இல்லை. தொற்று என்று நம்புகிறவர் மருந்தையும் தவறாகவே பயன்படுத்துகிறார். பதினேழு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். தோளில் வெள்ளையாக உதிர்கிறது, அரிப்பு இருக்கிறது. மருத்துவர் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் கொடுக்கிறார். அவன் முதல் வாரம் சாதாரண ஷாம்பு போல நுரைத்து அடுத்த நிமிடமே கழுவிவிடுகிறான். பலன் இல்லை. இந்த மருந்து முடியில் அல்ல, தலைத்தோலில் பட்டு மூன்றிலிருந்து ஐந்து நிமிடமாவது இருக்க வேண்டும். யாரோ சொல்லித் திருத்திய பிறகு வாரம் இருமுறை, நான்கு வாரம் ஒழுங்காகப் போடுகிறான். செதில் நின்றுவிடுகிறது. "ஃபங்கஸ் செத்துவிட்டது" என்று அம்மா பாட்டிலை எடுத்து வைக்கிறார். சில வாரங்களில் மறுபடி உதிரத் தொடங்குகிறது. இப்போது அம்மாவுக்குச் சந்தேகம்: வெளியில் யாரிடமிருந்தோ மறுபடி ஒட்டிக்கொண்டது, அல்லது மருந்து போலி. சீப்பு கொதிநீரில் வேகிறது, தலையணை வெயிலுக்குப் போகிறது, அடுத்து மொட்டை.

நடந்தது வேறு. ஷாம்பு ஈஸ்ட்டை ஒழிக்கவில்லை, குறைத்தது. குறைந்ததால் ஒலீயிக் அமிலம் குறைந்து தோல் தேறியது. ஷாம்பு நின்றதும் மயிர்க்கால்களில் தங்கியிருந்த ஈஸ்ட் சுரக்கும் எண்ணெயைத் தின்று பழைய அளவுக்குப் பெருகியது. பையனின் தோலின் இயல்பு மாறவில்லை, அதனால் செதில் திரும்பியது. 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. கீட்டோகோனசோல் ஷாம்பால் குணமானவர்களைப் பிரித்து ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மருந்தில்லாத ஷாம்பு போட்டவர்களில் 47 சதவீதம் பேருக்குப் பொடுகு திரும்பியது. வாரம் ஒருமுறை மருந்து ஷாம்பைத் தொடர்ந்தவர்களில் திரும்பியது 19 சதவீதம் பேருக்கு மட்டுமே. அந்தப் பையனுக்குத் தேவை வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை அதே ஷாம்பு. கண்பார்வை குறைந்தவர் கண்ணாடி போட்டுக்கொள்வதில் தோல்வி ஏதும் இல்லாதது போல இதிலும் இல்லை. மொட்டை அடித்தால் செதில் தங்க இடமின்றிச் சில நாள் தெரியாமல் இருக்கும். சுரப்பியும் ஈஸ்ட்டும் தோலோடு அப்படியே இருக்கும்.

எண்ணெய் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலை காய்ந்துபோனதால் பொடுகு என்று நினைத்து, நிறைய எண்ணெய் வைத்து ஊறப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். எண்ணெய் வைத்ததும் செதில் முடியோடு படிந்து கண்ணில் படாமல் போகும், அரிப்பும் கொஞ்சம் அடங்கும். அதை நாம் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு ஒலீயிக் அமிலம்தான். ஈஸ்ட் வளர்ப்பதற்கு ஆய்வகத்தில் ஊற்றும் எண்ணெயைப் பொடுகுள்ள தலையில் ஊற்றுவது எனக்கு ஏற்புடையதல்ல. நல்லெண்ணெயிலும் ஒலீயிக் அமிலத்தின் பங்கு கணிசம். தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு, லாரிக் அமிலமே அதிகம். இந்தியப் பெண்களிடம் நடந்த, 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு தலையின் நுண்ணுயிர்ச் சூழலுக்கு அது நன்மை செய்வதாகவே சொல்கிறது. எனவே எண்ணெயே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பொடுகு உதிர்கிற காலத்தில் இரவு முழுக்க எண்ணெயோடு படுப்பதை விட்டுவிடுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் தேங்காய் எண்ணெயைச் சிறிது நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள்.

தொற்று என்ற நம்பிக்கையின் மிக மோசமான விளைவு மாத்திரை. "உள்ளிருந்து கொன்றால்தான் போகும்" என்று சாதாரணப் பொடுகுக்கே வாய்வழிப் பூஞ்சை மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கீட்டோகோனசோல் ஷாம்பாக இருக்கும்வரை உடலுக்குள் போவது மிகச் சொற்பம். அதே மருந்து மாத்திரையானால் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. அதற்காகவே 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை பூஞ்சை நோய்களுக்கு அந்த மாத்திரையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. நாளையே திரும்பக் குடியேறப்போகும் ஓர் ஈஸ்ட்டுக்காகக் கல்லீரலைப் பணயம் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மாத்திரை கட்டாயம் தேவைப்படும் தலைநோய் ஒன்று உண்டு, அதைத்தான் நாம் தவறவிடுகிறோம். ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்குத் தலையில் ஒரு பக்கம் மட்டும் வட்டமாகச் செதில் கட்டி, அங்கே முடி தோலோடு ஒட்ட முறிந்து கறுப்புப் புள்ளிகளாக நின்றால் அது பொடுகல்ல, தலைப்படை. அதை உண்டாக்குவது மலசீசியா அல்ல. முடிக்குள்ளேயே புகுந்து வளரும் வேறு வகைப் பூஞ்சை. அது சீப்பாலும் தொப்பியாலும் தாவும், வீட்டு விலங்கிடமிருந்தும் வரும். ஷாம்பு மட்டும் அதைக் குணப்படுத்தாது; கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின் போன்ற மாத்திரையை மருத்துவர் சொல்லும் காலம்வரை பல வாரங்கள் கொடுக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் சீழ் கோத்த கட்டியாகி, அந்த இடத்தில் முடி நிரந்தரமாகவே போய்விடலாம். அந்தக் குழந்தையின் சீப்பைத்தான் தனியாக வைக்க வேண்டும், கூடப் படுக்கும் குழந்தைகளின் தலையையும் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் தலையில் செதில் தெரிந்தால் பொடுகு ஷாம்பு வாங்கப் போகாதீர்கள். செதிலையும் முறிந்த முடியையும் சுரண்டியெடுத்துப் பரிசோதித்துச் சொல்லும் தோல் மருத்துவரிடம் போங்கள்.